இரண்டு நிலைகள் எப்போது ஒன்றாகின்றன?

படிக்கும் மேசையில் வைக்கும் எல்இடி விளக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் இருப்பது ஒரே ஒரு பொத்தான். ஒருமுறை அழுத்தினால் எரியும், மறுமுறை அழுத்தினால் அணையும். சுவரில் இருக்கும் சுவிட்ச் மேலேயோ கீழேயோ சாய்ந்து நிற்கும். இந்தப் பொத்தான் அப்படி நிற்பதில்லை, விரலை எடுத்ததும் பழைய இடத்துக்கே வந்துவிடுகிறது. அப்படியானால் அடுத்த அழுத்தல் ஏற்றுவதற்கா அணைப்பதற்கா என்பதை உள்ளே இருக்கும் மின்சுற்றுதான் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

அது மட்டும் போதாது. சுற்றுக்குள் ஒரு கடிகாரத் துடிப்பு ஓடுகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் சுற்று பொத்தானைப் பார்க்கிறது. நொடிக்கு 50 முறை, அதாவது 20 மில்லிநொடிக்கு ஒருமுறை பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். பொத்தானின் உலோகத் தகடுகள் தொட்டதும் சில மில்லிநொடிகள் துள்ளும். இந்த இடைவெளியில் அந்தத் துள்ளல் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால் நம் விரல் அவ்வளவு வேகமானது அல்ல. நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் அழுத்தினாலே சுற்று அதை ஐந்து முறை பார்த்துவிடும். பார்க்கும்போதெல்லாம் விளக்கை மாற்றினால் ஐந்து முறை மாறும். ஆகவே ‘இந்த அழுத்தலை ஏற்கெனவே கணக்கில் எடுத்தாயிற்று, விரலை எடுக்கும்வரை பேசாமல் இரு’ என்பதும் நினைவில் இருக்க வேண்டும்.

இப்படிப்பட்ட நினைவின் ஒவ்வொரு வடிவத்துக்கும் ‘நிலை’ என்று பெயர். ஒரு நிலையில் இருக்கும்போது விளக்கு எரிகிறதா, பொத்தான் விடுபட்டிருந்தால் அடுத்து எந்த நிலை, அழுத்தியிருந்தால் எந்த நிலை ஆகிய மூன்றையும் சொல்லிவிட்டால் அந்த நிலையைப் பற்றிச் சொல்ல வேண்டியது முடிந்தது. எல்லா நிலைகளுக்கும் இதை எழுதிவைத்தால் கிடைப்பது நிலை இயந்திரம்.

கதையாக எழுதிய எட்டு நிலைகள்

வடிவமைப்பவர் பெரும்பாலும் இதைக் கதையாகத்தான் எழுதுவார். முதலில் விளக்கு அணைந்திருக்கிறது, பொத்தானில் விரல் இல்லை. அழுத்துகிறார்கள், எரிகிறது. விரலை எடுக்கிறார்கள், எரிந்துகொண்டே இருக்கிறது. மறுபடி அழுத்துகிறார்கள், அணைகிறது. விரலை எடுக்கிறார்கள். அடுத்த அழுத்தலையும் அதற்கு அடுத்ததையும் இதேபோல எழுதிக்கொண்டு போய், இரண்டாவது சுற்று முடிந்த இடத்தில் தொடக்கத்தோடு முடிச்சுப் போடுகிறார். எட்டு நிலைகள் வந்துவிட்டன:

| நிலை | விளக்கு | விட்டிருந்தால் | அழுத்தியிருந்தால் |
|---|---|---|---|
| அ | அணைவு | அ | ஆ |
| ஆ | எரிவு | இ | ஆ |
| இ | எரிவு | இ | ஈ |
| ஈ | அணைவு | உ | ஈ |
| உ | அணைவு | உ | ஊ |
| ஊ | எரிவு | எ | ஊ |
| எ | எரிவு | எ | ஏ |
| ஏ | அணைவு | அ | ஏ |

இதில் தவறு எதுவும் இல்லை. இதை அப்படியே சுற்றாகச் செய்தால் விளக்கு சரியாக வேலை செய்யும். ஆனால் எட்டு நிலைகளை நினைவில் வைக்க மூன்று ஃபிளிப்-ஃப்ளாப்கள் வேண்டும். ஒரு ஃபிளிப்-ஃப்ளாப் 0 அல்லது 1 என்ற ஒரே ஒரு துணுக்கைத்தான் தாங்கும். இரண்டு இருந்தால் நான்கு நிலைகள், மூன்று இருந்தால் எட்டு. இந்த எட்டில் தேவையில்லாதவை உண்டா?

மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு வழி தோன்றும். அட்டவணையில் இரண்டு வரிகள் அச்சாக ஒன்றாக இருந்தால் ஒன்றை அடித்துவிடலாம். வெளியீடும் ஒன்று, போகும் இடங்களும் ஒன்று என்றால் அவை இரண்டாக இருப்பதில் பொருள் இல்லை. ஆனால் மேலே உள்ள எட்டு வரிகளில் எந்த இரண்டும் ஒன்றாக இல்லை. அ அழுத்தினால் ஆ-வுக்குப் போகிறது, உ அழுத்தினால் ஊ-வுக்குப் போகிறது. வரியோடு வரி ஒப்பிடும் கண்ணுக்கு இங்கே குறைக்க ஒன்றுமே தெரியாது.

மூடிய பெட்டிக்கு வெளியிலிருந்து

இரண்டு நிலைகள் ஒன்றுதான் என்று எதை வைத்துச் சொல்வது? இதற்குத் தெளிவான விடை 1950-களில் கிடைத்தது. எம்ஐடி-யில் டேவிட் ஹஃப்மன் 1954-ல் இத்தகைய சுற்றுகளை வடிவமைக்கும் முறையை விரிவாக எழுதினார். இன்று கோப்புகளைச் சுருக்கப் பயன்படும் ஹஃப்மன் குறியீடும் அவருடையதே. அடுத்த ஆண்டு பெல் ஆய்வகத்தின் ஜார்ஜ் மீலி தம் முறையை வெளியிட்டார். 1956-ல் அதே ஆய்வகத்தைச் சேர்ந்த எட்வர்ட் மூர் கேள்வியை இன்னும் கூர்மையாக்கினார். இயந்திரத்தை மூடிய பெட்டியாக நினைத்துக்கொள்ளுங்கள் என்றார். உள்ளே பார்க்க முடியாது. உள்ளீடு கொடுக்கலாம், வெளியீட்டைப் பார்க்கலாம், அவ்வளவுதான். பெட்டி ஒரு நிலையிலிருந்து தொடங்கினாலும் மற்றொரு நிலையிலிருந்து தொடங்கினாலும், எந்த வரிசையில் உள்ளீடு கொடுத்தாலும் ஒரே வெளியீடுகள்தான் வருகின்றன என்றால் அந்த இரண்டும் சமான நிலைகள்.

நம் விளக்கில் இதைப் பார்க்கலாம். அ, ஈ இரண்டிலும் விளக்கு அணைந்திருக்கிறது. பார்வைக்கு வேறுபாடு இல்லை. ஆனால் அடுத்த துடிப்பில் பொத்தான் அழுத்தியபடி இருந்தால் அ-விலிருந்து விளக்கு எரியும். ஈ-யில் அது அப்படியே அணைந்திருக்கும், ஏனென்றால் அங்கே அந்த அழுத்தல் ஏற்கெனவே கணக்கில் வந்துவிட்டது. ஒரே ஒரு சோதனை இரண்டையும் பிரித்துவிட்டது. எனவே அவை வேறு வேறு.

வேறுபாட்டைக் காட்ட ஒரு சோதனை போதும். ஒற்றுமையைக் காட்டவோ எல்லாச் சோதனைகளும் வேண்டும், அவற்றுக்கு முடிவே இல்லை. இந்த முடிவில்லாத வேலையைத்தான் இம்ப்ளிகேஷன் டேபிள் ஒரே தாளில் அடக்கிவிடுகிறது. மார்வின் பால், ஸ்டீபன் அங்கர் இருவரும் 1959-ல் வெளியிட்ட கட்டுரையோடு பரவிய முறை இது.

படிக்கட்டு அட்டவணை

எட்டு நிலைகளிலிருந்து இரண்டிரண்டாக எடுத்தால் 28 சோடிகள். ஒவ்வொரு சோடிக்கும் ஒரு கட்டம். இடப்பக்கத்தில் ஆ முதல் ஏ வரை, மேலே அ முதல் எ வரை எழுதினால் கட்டங்கள் படிக்கட்டு போல இறங்கிவரும். அ-ஆ என்ற கட்டம் இருந்தால் ஆ-அ வேண்டாம், அதனால்தான் பாதி அட்டவணை.

நிரப்ப இரண்டே விதிகள். சோடியில் ஒன்றில் விளக்கு எரிந்து மற்றொன்றில் எரியாவிட்டால் அந்தக் கட்டத்தில் உடனே குறுக்குக்கோடு. வெளியீடு ஒன்றாக இருந்தால், ‘இவை இரண்டும் சமானமாக இருக்க வேண்டுமானால் வேறு எந்தச் சோடிகள் சமானமாக இருந்தாக வேண்டும்’ என்று அந்தக் கட்டத்துக்குள் எழுத வேண்டும்.

அ-உ கட்டத்தைப் பார்ப்போம். இரண்டிலும் விளக்கு அணைவு. பொத்தானை விட்டிருந்தால் அ அங்கேயே இருக்கும், உ-வும் அங்கேயே இருக்கும். கிடைப்பது அதே அ-உ சோடிதான், புதிதாக எதையும் கேட்கவில்லை, எழுத வேண்டாம். அழுத்தினால் ஒன்று ஆ-வுக்கும் மற்றொன்று ஊ-வுக்கும் போகின்றன. ஆகவே கட்டத்துக்குள் ஆ-ஊ என்று எழுதுகிறோம். ‘ஆ-வும் ஊ-வும் சமானம் என்றால்தான் அ-வும் உ-வும் சமானம்’ என்று அதற்குப் பொருள். இப்படியே எல்லாக் கட்டங்களையும் நிரப்பினால்:

| | அ | ஆ | இ | ஈ | உ | ஊ | எ |
|---|---|---|---|---|---|---|---|
| ஆ | × | | | | | | |
| இ | × | ஆ-ஈ | | | | | |
| ஈ | அ-உ, ஆ-ஈ | × | × | | | | |
| உ | ஆ-ஊ | × | × | ஈ-ஊ | | | |
| ஊ | × | இ-எ | இ-எ, ஈ-ஊ | × | × | | |
| எ | × | இ-எ, ஆ-ஏ | ஈ-ஏ | × | × | ஊ-ஏ | |
| ஏ | ஆ-ஏ | × | × | அ-உ | அ-உ, ஊ-ஏ | × | × |

28 கட்டங்களில் 16, வெளியீடு வேறுபட்டதாலேயே அடிபட்டுவிட்டன. மீதி 12. இப்போது அவற்றை ஒவ்வொன்றாகப் படித்துப் போக வேண்டும். ஒரு கட்டத்துக்குள் எழுதியிருக்கும் சோடிகளில் ஏதாவது ஒன்று ஏற்கெனவே அடிபட்டிருந்தால் இந்தக் கட்டத்தையும் அடிக்க வேண்டும்.

ஆ-இ கட்டம் ஆ-ஈ சோடியை நம்பியிருக்கிறது. ஆ-வில் விளக்கு எரிகிறது, ஈ-யில் அணைந்திருக்கிறது, அந்தக் கட்டம் அடிபட்டாயிற்று. எனவே ஆ-இ போகிறது. அ-ஈ கட்டமும் அதே ஆ-ஈ சோடியைக் கேட்கிறது, அதுவும் போகிறது. ஈ-உ கட்டம் ஈ-ஊ சோடியால் போகிறது. இப்படி முதல் சுற்றிலேயே எட்டுக் கட்டங்கள் அடிபடுகின்றன. மிஞ்சுபவை நான்கு:

அ-உ கேட்பது ஆ-ஊ.
ஆ-ஊ கேட்பது இ-எ.
இ-எ கேட்பது ஈ-ஏ.
ஈ-ஏ கேட்பது அ-உ.

வட்டமாகச் சுற்றும் வாதம்

இங்கேதான் மனம் தயங்கும். அ-வும் உ-வும் ஒன்றா என்று கேட்டால் ஆ-வும் ஊ-வும் ஒன்றானால் என்கிறது அட்டவணை. அவை ஒன்றா என்றால் அடுத்த சோடியைக் கை காட்டுகிறது. நான்காவது சோடியைக் கேட்டால் திரும்ப முதல் சோடியிடமே அனுப்புகிறது. ஒவ்வொன்றும் அடுத்ததை நம்பி நிற்க, கடைசியில் நிற்பது முதலாவதையே நம்பி. தர்க்கத்தில் இதைக் குற்றமாகச் சொல்வார்கள். இதை எப்படி ஒரு நிரூபணமாக ஏற்பது?

மறுபடி படித்தாலும் இந்த நான்கில் எதையும் அடிக்கக் காரணம் கிடைக்கவில்லை. புதிதாக ஒன்றும் அடிபடாத சுற்று வந்துவிட்டால் வேலை முடிந்தது. நிற்கும் கட்டங்கள் எல்லாம் சமான சோடிகள் என்பது முறையின் தீர்ப்பு. குற்றம் நிரூபிக்கப்படும் வரை ஒருவர் நிரபராதி என்று நீதிமன்றம் கொள்வதைப் போல, வேறுபாடு நிரூபிக்கப்படும் வரை இரண்டு நிலைகளும் ஒன்று என்று அட்டவணை கொள்கிறது. ஆனால் நீதிமன்றத்தில் ஆதாரம் கிடைக்காமல் போகலாம். இங்கே அப்படிப் போகவே முடியாது. வேறுபாடு என்று ஒன்று இருந்தால் அட்டவணை அதைக் கட்டாயம் கண்டுபிடித்துவிடும்.

அது ஏன் என்று பார்ப்போம். அ-வையும் உ-வையும் பிரித்துக் காட்டும் சோதனை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதாவது அழுத்து, விடு என்று ஏதோ ஒரு வரிசை. அதன் முடிவில் ஒரு பெட்டியில் விளக்கு எரிகிறது, மற்றதில் எரியவில்லை. இரண்டு பெட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அந்த வரிசையைக் கொடுத்துக்கொண்டே போனால், ஒவ்வொரு படியிலும் அவை இருக்கும் நிலைகள் ஒரு சோடி. முதலில் அ-உ. முடிவில் வெளியீடு வேறுபடும் ஒரு சோடி, அதாவது தொடக்கத்திலேயே குறுக்குக்கோடு வாங்கிய ஒரு கட்டம். இடையில் உள்ள ஒவ்வொரு சோடியும் தனக்கு அடுத்த சோடியைத் தன் கட்டத்துக்குள் எழுதி வைத்திருக்கிறது. கடைசிக் கட்டம் அடிபட்டால் அதற்கு முந்தியது அடிபடும், அதற்கும் முந்தியது அடிபடும், இப்படிப் பின்னோக்கி வந்து அ-உ கட்டமும் அடிபட்டே தீரும். அது அடிபடவில்லை. ஆகவே அப்படி ஒரு சோதனையே கிடையாது.

நான்கு சோடிகளும் ஒன்றையொன்று நம்பி நிற்பதில் இப்போது குறை தெரியவில்லை. எந்த வரிசையில் அழுத்தினாலும் விட்டாலும் இரண்டு பெட்டிகளும் இந்த நான்கு சோடிகளுக்குள்ளேயே சுற்றிவரும். அந்த நான்கிலும் விளக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. வட்டத்தை விட்டு வெளியேற வழியில்லை என்பதே நிரூபணம்.

தேவையில்லாமல் நினைவில் இருந்தது எது?

அ-உ, ஆ-ஊ, இ-எ, ஈ-ஏ ஆகிய சோடிகளை இணைத்தால் எட்டு நிலைகள் நான்காகின்றன. சோடிக்கு முதல் எழுத்தையே பெயராக வைத்துக்கொள்ளலாம்:

| நிலை | விளக்கு | விட்டிருந்தால் | அழுத்தியிருந்தால் |
|---|---|---|---|
| அ | அணைவு | அ | ஆ |
| ஆ | எரிவு | இ | ஆ |
| இ | எரிவு | இ | ஈ |
| ஈ | அணைவு | அ | ஈ |

நான்கு நிலைகளுக்கு இரண்டு ஃபிளிப்-ஃப்ளாப்கள் போதும். அவை எதை நினைவில் வைத்திருக்கின்றன என்றும் இப்போது சொல்லிவிடலாம். ஒன்று, விளக்கு எரிகிறதா என்பது. மற்றொன்று, சென்ற துடிப்பில் பொத்தான் அழுத்தப்பட்டிருந்ததா என்பது. அ-வில் இரண்டுக்கும் விடை ‘இல்லை’. ஆ-வில் இரண்டுக்கும் ‘ஆம்’. இ-யில் விளக்கு எரிகிறது, விரல் இல்லை. ஈ-யில் விளக்கு இல்லை, விரல் இருக்கிறது. விளக்கின் நினைவை L என்றும், பொத்தானின் பழைய நினைவை P என்றும், இந்தத் துடிப்பில் பொத்தானின் நிலையை x என்றும் எழுதினால் முழுச் சுற்றும் இரண்டு வரிகளில் முடிந்துவிடுகிறது:

```
L' = L XOR (x AND NOT P)
P' = x
```

சென்ற துடிப்பில் விரல் இல்லாமல் இந்தத் துடிப்பில் விரல் இருந்தால் மட்டும் விளக்கை மாற்று என்பதுதான் முதல் வரி. எட்டு நிலைகளாக இருந்தபோது மூன்றாவது ஃபிளிப்-ஃப்ளாப் எதைச் சுமந்துகொண்டிருந்தது? இது முதல் சுற்றா இரண்டாவது சுற்றா என்பதை. கதையை எழுதியவருக்கு அது தேவைப்பட்டது, விளக்குக்குத் தேவைப்படவில்லை. வெளியே ஒருபோதும் தெரியாத நினைவு எது என்பதை, விளக்கு என்றால் என்ன என்றே அறியாத ஓர் அட்டவணை கண்டுபிடித்துவிட்டது.

ஒரே ஓர் இடத்தை மாற்றினால்

இந்த முறையின் கூர்மையைப் பார்க்க, முதல் அட்டவணையில் ஒரே ஓர் இடத்தில் கை வைப்போம். கடைசி நிலையான ஏ-யில் பொத்தானை விட்டால் அ-வுக்குப் போக வேண்டும். அதை இ என்று மாற்றிவிடுவோம். எழுதும்போது இப்படி ஒரு பிழை நேர்வது எளிது. இனி இரண்டாவது சுற்றின் முடிவில் விரலை எடுத்ததும் விளக்கு தானாக எரிந்துவிடும். மற்ற ஏழு வரிகளும் அப்படியே இருக்கின்றன.

இப்போது ஈ-ஏ கட்டத்தில் அ-உ என்பதற்குப் பதிலாக இ-உ என்று வரும். இ எரிவு, உ அணைவு. ஆகவே முதல் சுற்றில் ஈ-ஏ அடிபடுகிறது. அட்டவணையை மேலிருந்து கீழே படித்துக்கொண்டு போகிறவர் அதற்குள் அ-உ, ஆ-ஊ, இ-எ மூன்றையும் தாண்டி வந்திருப்பார், அவை அடிபடாமல் நிற்கும். இரண்டாவது முறை படிக்கும்போதுதான் ஈ-ஏ-வை நம்பியிருந்த இ-எ அடிபடும். மூன்றாவது முறையில் ஆ-ஊ. நான்காவது முறையில் அ-உ. ஒரு கட்டமும் மிஞ்சவில்லை. இந்த இயந்திரத்துக்கு எட்டு நிலைகளும் வேண்டும்.

மாணவர்கள் அடிக்கடி வழுக்கும் இடம் இதுதான். ஒருமுறை படித்து, சில கட்டங்களை அடித்து, மிஞ்சியவற்றை இணைத்துவிடுகிறார்கள். இந்தப் பிழை தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். முதல் சுற்றோடு நிறுத்தி இ-யையும் எ-யையும் இணைத்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். புதிய அட்டவணையை எழுதும்போது ‘அழுத்தியிருந்தால்’ என்ற இடத்தில் இ ஈ-யைக் கேட்கும், எ ஏ-யைக் கேட்கும். ஈ-யும் ஏ-யும் இணையவில்லை. ஒரே இடத்தில் எழுத இரண்டு விடைகள் வருகின்றன. இப்படி ஓர் இடம் வந்தால், படிக்கட்டு அட்டவணையை முடிக்காமல் விட்டிருக்கிறோம் என்று பொருள்.

ஒரு கட்டம் எத்தனையாவது முறையில் அடிபட்டது என்பதும் வீண் விவரம் அல்ல. இந்த வரிசையில் படித்தபோது அ-உ நான்காவது முறையில் அடிபட்டது. அந்த இரண்டையும் பிரித்துக் காட்டும் மிகச் சிறிய சோதனைக்கும் நான்கு படிகள்தான்: அழுத்து, விடு, அழுத்து, விடு. அ-விலிருந்து தொடங்கினால் எரிவு, எரிவு, அணைவு, அணைவு. உ-விலிருந்து தொடங்கினால் எரிவு, எரிவு, அணைவு, எரிவு. மூன்று படிகள் வரை இரண்டு பெட்டிகளும் ஒன்றுபோலவே நடந்து, நான்காவதில் பிரிகின்றன. அடிபட்ட கட்டங்களைப் பின்னோக்கித் தொடர்ந்து போனால் இந்தச் சோதனை தானாகக் கிடைத்துவிடும். செய்துமுடித்த சுற்றைச் சோதிப்பவருக்கு இது பெரிய உதவி. இத்தகைய சோதனைக்கு ஓர் எல்லையும் உண்டு. n நிலைகள் உள்ள இயந்திரத்தில் இரண்டு நிலைகள் வேறுபட்டவை என்றால் n-1 படிகளுக்குள் அது தெரிந்துவிடும் என்று மூர் 1956-லேயே நிறுவினார். முடிவில்லாத சோதனைகள் வேண்டும் என்று தொடங்கிய கேள்வி, எட்டு நிலைகளுக்கு ஏழு படிகளில் அடங்கிவிடுகிறது.

எங்கே இந்த முறை தடுமாறுகிறது?

முதலில் அளவு. எட்டு நிலைகளுக்கு 28 கட்டங்கள். 1,000 நிலைகளுக்கு 4,99,500 கட்டங்கள். கையால் செய்ய பத்து நிலைகள் வரை சுகம், அதற்கு மேல் கணினிதான். கணினிக்கும் இதைவிட வேகமான வழி ஒன்று உண்டு. 1971-ல் ஜான் ஹாப்கிராஃப்ட், சோடி சோடியாகப் பார்க்காமல் நிலைகளின் கூட்டங்களைப் பிளந்துகொண்டே போகும் ஒரு வழிமுறையைக் கொடுத்தார். நிலைகள் பெருகும்போது அதன் வேலை, சோடிகளின் எண்ணிக்கையைப் போல இருபடியாகப் பெருகுவதில்லை. இரண்டும் தரும் விடை ஒன்றே.

அடுத்தது பயன். எட்டு நான்கானதால் ஒரு ஃபிளிப்-ஃப்ளாப் மிச்சமானது. எட்டு ஐந்தாகியிருந்தால் ஃபிளிப்-ஃப்ளாப் மூன்றாகவே இருந்திருக்கும், ஏனென்றால் ஐந்தை இரண்டு துணுக்குகளில் அடக்க முடியாது. பயன்படாத மூன்று குறியீடுகள் கிடைக்கும், அவற்றைக் கொண்டு மற்ற தர்க்கத்தைக் கொஞ்சம் எளிதாக்கலாம், அவ்வளவே. ரிலேக்களால் சுற்று கட்டிய ஹஃப்மனின் காலத்தில் ஒவ்வொரு நினைவு உறுப்பும் கையால் வாங்கி மாட்ட வேண்டிய பொருள். இன்றைய எஃப்பிஜிஏ சில்லுகளில் ஃபிளிப்-ஃப்ளாப்கள் தாராளமாக இருக்கின்றன. வேகத்துக்காக ஒரு நிலைக்கு ஒரு ஃபிளிப்-ஃப்ளாப் என்று வேண்டுமென்றே கூடுதலாக வைப்பதும் உண்டு. அங்கேயும் சமான நிலைகளை இணைத்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபிளிப்-ஃப்ளாப் குறையும்.

மூன்றாவதுதான் உண்மையான சிக்கல். சில இயந்திரங்களில் சில இடங்கள் காலியாக விடப்படும். ‘இந்த நிலையில் இந்த உள்ளீடு வரவே வராது’ அல்லது ‘இங்கே வெளியீடு எதுவானாலும் கவலையில்லை’ என்று ஒரு கோடு போட்டு விட்டுவிடுவார்கள். க, ச, ட என்ற மூன்று நிலைகளின் வெளியீடுகள் முறையே 0, கோடு, 1 என்று வைத்துக்கொள்வோம். கோட்டை 0 ஆக்கினால் முதலாவதும் இரண்டாவதும் இணையும். 1 ஆக்கினால் இரண்டாவதும் மூன்றாவதும் இணையும். ஆனால் முதலாவதும் மூன்றாவதும் ஒருநாளும் இணையா. இங்கே சோடிகள் ‘சமானம்’ அல்ல, ‘ஒத்துப்போகக்கூடியவை’ மட்டுமே. க-வும் ச-வும் ஒத்துப்போகும், ச-வும் ட-வும் ஒத்துப்போகும் என்பதால் க-வும் ட-வும் ஒத்துப்போகும் என்று சொல்ல முடியாது. ஆகவே எந்தக் கோட்டை எப்படி நிரப்பினால் மொத்த நிலைகள் மிகக் குறையும் என்பது ஒரு தேர்வுப் போராட்டமாகிவிடுகிறது. பாலும் அங்கரும் 1959-ல் எடுத்துக்கொண்டது இந்தக் கடினமான வகையைத்தான். ஒத்துப்போகும் சோடிகளை அட்டவணை சரியாகவே சொல்லிவிடும். அவற்றிலிருந்து மிகச் சிறிய இயந்திரத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் கடினம். பொதுவாக விரைவாகத் தீர்க்கும் வழி யாருக்கும் தெரியாத என்பி-முழுமைச் சிக்கல்களில் இதுவும் ஒன்று என்று சார்ல்ஸ் ஃப்ளீகர் 1973-ல் காட்டினார்.

ஆனால் எல்லா இடங்களும் நிரம்பிய இயந்திரத்தில் எந்தச் சந்தேகமும் இல்லை. இணைக்க வேண்டியவை எவை என்பதற்கு ஒரே ஒரு விடைதான். யார் செய்தாலும், எந்த வரிசையில் அடித்தாலும், பெயர்கள் மாறலாமே தவிர, வந்து சேரும் மிகச் சிறிய இயந்திரம் ஒன்றேதான்.

ஒரு பென்சிலும் தாளும் எடுத்து நீங்களே ஒன்றைச் செய்து பாருங்கள். இரும எண் ஒன்றின் இலக்கங்களை இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டு, இதுவரை வந்த எண் 6-ஆல் வகுபடுமா என்று சொல்லும் இயந்திரம். மீதி 0 முதல் 5 வரை ஆறு நிலைகள். புதிதாக 0 வந்தால் மீதியை இரட்டிக்க வேண்டும், 1 வந்தால் இரட்டித்து ஒன்றைக் கூட்ட வேண்டும், 6-ஐ எட்டினாலோ தாண்டினாலோ 6-ஐக் கழிக்க வேண்டும். மீதி 0 என்றால் மட்டும் விளக்கு எரியும். 15 கட்டங்கள்தான், கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். மீதி 1-ம் 4-ம் ஒன்று, 2-ம் 5-ம் ஒன்று என்று அட்டவணை சொல்லும். 6-ஆல் வகுபடுமா என்று சொல்ல நான்கு நிலைகளே போதும். அதையே 7-க்குச் செய்து பாருங்கள். ஏழில் ஒன்றைக்கூடக் குறைக்க முடியாது.